கட்டிட நிதி: எழுதிய தொகையும் வரும் தொகையும்
(சங்கத்தின் பொங்கல் ஆண்டு விழாவில் கணக்குக் கமிட்டியின் சார்பில் ஆற்றிய உரை)



நம் சங்கத்துக்குச் சொந்தமான மனையில் ஒரு மண்டபமும் சமையற்கட்டும் கட்டுவதென்று சென்ற மகாசபையில் தீர்மானித்தோம். அதன்பின் உறுப்பினர் வீடுகளுக்குச் சென்று உறுதிச் சீட்டுகள் வாங்கி வந்தோம். 124 குடும்பங்கள் சேர்ந்து 34 லட்சம் ரூபாய் எழுதியிருக்கின்றன. கடைத்தெருவில் உள்ள வணிகர் ஒருவர் 4 லட்சம் தருவதாக வாக்களித்திருக்கிறார். வங்கியில் நம் வைப்புத் தொகை 6 லட்சம் இருக்கிறது. ஆக மொத்தம் 44 லட்சம். என்ஜினீயர் கொடுத்த மதிப்பீடோ 40 லட்சம். "நாற்பதுக்கு நாற்பத்து நான்கு இருக்கும்போது இன்னும் என்ன தயக்கம்? இந்தத் தை மாதத்திலேயே வானம் தோண்டலாமே!" என்று அன்பர்கள் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறும் பொறுப்பைக் கமிட்டியார் என்னிடம் ஒப்புவித்திருக்கின்றனர்.

நான் அதிகம் படித்தவன் அல்லன். மெட்ரிகுலேஷனோடு நின்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் பற்றும் வரவும் எழுதி வருகிறவன். அந்தத் தொழில் கற்பித்த ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்வேன். வர வேண்டிய தொகை ஒரு பத்தியிலும் வந்த தொகை வேறொரு பத்தியிலும் எழுதப்படுவது காரணத்தோடுதான். 44 லட்சம் என்று நாம் சொல்வது இவ்விரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிய கூட்டல்.

நம்மவர் வாக்குத் தவறுகிறவர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம் பழைய ரிஜிஸ்தரைப் பாருங்கள். 2015-இல் நூலக அறைக்காக 62 பேர் 5 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் எழுதினார்கள். முடிவில் வந்தது 4 லட்சத்து 18 ஆயிரம்; அதாவது நூற்றுக்கு 82. அந்த 62 பேரில் 17 பேர் தவணைக் காலம் முடியுமுன் வேறு ஊருக்கு மாற்றலானவர்கள். அவர்கள் எழுதிய 1 லட்சத்து 40 ஆயிரத்தில் 98 ஆயிரம் வந்தது, நூற்றுக்கு 70. இங்கேயே இருந்தவர்களின் 3 லட்சத்து 70 ஆயிரத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம் வந்தது. அது நூற்றுக்கு 86-க்குச் சற்று மேல். இங்கேயே இருந்தும் பாக்கி நின்ற வீடுகளில் ஒன்றில் கலியாணம், ஒன்றில் அறுவைச் சிகிச்சை, இன்னொன்றில் கமிட்டித் தேர்தலில் ஏற்பட்ட மனத்தாங்கல். வேறு சில வீடுகளுக்கு ரசீதுப் புத்தகத்தோடு யாருமே போகவில்லை, அவ்வளவுதான். மோசடி என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. நல்ல மனிதர்கள், நல்ல எண்ணத்தோடு எழுதி, நூற்றுக்கு 18 வராமற் போயிற்று. ஆகவே, குறைவு என்பது ஒருவருடைய குற்றமன்று. எந்த ஜாபிதாவிலும் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டிய ஒரு செலவு.

நிற்க. ஒரே விகிதத்தை எல்லார்மீதும் போட்டு 34 லட்சத்துக்கு இத்தனை என்று சொல்லிவிடலாமா என்றால், அதுவும் சரியன்று. சீட்டுகளை வகை பிரிக்க வேண்டும். எழுதியவரின் குணத்தைக் கொண்டு பிரிப்பது அழகல்ல, பயனும் இல்லை. அவருடைய நிலைமையைக் கொண்டே பிரிக்க வேண்டும். அவ்வாறு பிரித்ததில் கண்டதைச் சொல்கிறேன்.

சீட்டு எழுதும்போதே முழுத் தொகையையும் கொடுத்தவர்கள் உண்டு. அது 4 லட்சம். வந்த பணமாதலால் அதில் குறைவுக்கு இடமில்லை. அடுத்து, பணியில் இருப்பவர்கள். இங்கேயே இன்னும் மூன்று ஆண்டாவது இருப்போம் என்று அவர்களே சொல்லுகிறவர்கள். மாதம் 5-ஆம் தேதி தவணை தானாகவே சங்கக் கணக்குக்கு வரும்படி வங்கிக்கு உத்தரவு எழுதிக் கொடுத்தவர்கள். அவர்கள் எழுதியது 14 லட்சம். இதற்கு நூற்றுக்கு 90 வைத்திருக்கிறேன். பழைய அநுபவம் 86 என்றிருக்க 90 வைக்கக் காரணம் அந்த வங்கி உத்தரவுதான். 2015-இல் அது இல்லை. வீடு வீடாகப் போய்த்தான் வாங்கினோம். சம்பளம் வந்து செலவாகுமுன் தவணை கழிந்துவிடுவது வசூலில் பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஆகவே இந்த வகையிலிருந்து 12 லட்சத்து 60 ஆயிரம்.

மாற்றலையோ ஓய்வையோ இரண்டாண்டுக்குள் எதிர்பார்ப்பவர்கள் எழுதியது 9 லட்சம். இதற்கு 75 வைத்திருக்கிறேன். வருவது 6 லட்சத்து 75 ஆயிரம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாற்றலையும் ஓய்வையும் ஒன்றாகக் கருதுவது வழக்கம். ஆனால் ஓய்வு பெறுகிறவர் கையில் ஒரு தொகை வருகிறது; மாற்றலாகிறவர் கையில் செலவு வருகிறது. சாமான் கட்டுவது, பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்ப்பது, புதிய ஊரில் வீட்டுக்கு முன்பணம் கட்டுவது என்று அவருக்கு ஆறு மாதம் மூச்சு விட நேரமிராது. அந்த ஆறு மாதத்தில் யாரும் நினைவூட்டாவிட்டால் ஏழாம் மாதம் அவர் மனத்தில் இச்சங்கம் ஒரு பழைய ஊராகிவிடும். ஆகையால் ஓய்வு பெறப் போகிறவரிடம், ஓய்வுத் தொகை வரும் மாதத்திலேயே பாக்கியைச் சேர்த்துக் கொடுக்க இயலுமா என்று முன்னதாகவே கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றலாகிறவரிடம் வழியனுப்பு உபசாரத்துக்கு முன்பே புதிய விலாசமும், சொந்த ஊர் விலாசமும், தவணையைத் தொடர்வதா குறைப்பதா என்ற விவரமும் எழுதி வாங்க வேண்டும். குறைப்பதாகச் சொன்னால் மகிழ்ச்சியோடு குறைத்துக்கொள்ள வேண்டும். வருகிற ஐயாயிரம், வராத பத்தாயிரத்தைக் காட்டிலும் பெரிது.

இவ்வூரிலேயே வீடு கட்டிக்கொண்ட ஓய்வூதியக்காரர்களும் கடை வைத்திருப்பவர்களும் எழுதியது 5 லட்சம். இவர்களுக்கு 85 சதவீதம் என்று வைத்து 4 லட்சத்து 25 ஆயிரம் எதிர்பார்க்கிறோம். கடைசியாக, கூட்டத்தில் கரகோஷத்துக்கு நடுவே எழுந்து நின்று சொல்லி, பிற்பாடு சீட்டில் கையெழுத்துப் போடாதவர்களுடையது 2 லட்சம். இதற்கு 40-க்கு மேல் வைக்க என் பேனா இடங்கொடுக்கவில்லை. 80 ஆயிரம் வரும்.

ஆக 34 லட்சத்தில் நாம் நம்பத் தக்கது 28 லட்சத்து 40 ஆயிரம். குறைவுக்கென ஒதுக்கியது 5 லட்சத்து 60 ஆயிரம். இந்த விகிதங்கள் வேத வாக்கல்ல. பழைய ரிஜிஸ்தரையும் இன்றைய நிலைமையையும் வைத்து நிதானித்துப் போட்டவை. வேறு விகிதம் போட வேண்டுமென்று காரணத்தோடு சொல்பவர் இருந்தால் கமிட்டி கேட்கத் தயாராயிருக்கிறது.

வணிகர் வாக்களித்த 4 லட்சம் எங்கே என்று கேட்பீர்கள். அதை நான் கூட்டலில் சேர்க்கவே இல்லை. சதவீதம் என்பது பலருக்குப் பொருந்தும்; ஒருவருக்குப் பொருந்தாது. நூறு பேர் எழுதினால் எண்பது பேர் தருவார்கள் என்று சொல்லலாம். ஒரே ஒருவர் நாலு லட்சம் எழுதினால், மூன்றே கால் லட்சம் வரும் என்று எழுதுவது வெறும் அலங்காரம். அவர் நாலும் தருவார், அல்லது ஒன்றும் தர மாட்டார். மேலும், மண்டபத்துக்குத் தம் தந்தையார் பெயரை வைக்க வேண்டுமென்ற நிபந்தனையை அவர் சொல்லியிருக்கிறார். அதை மகாசபை இன்னும் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முடிவாகாத நிபந்தனையோடு கூடிய தொகையைக் கணக்கின் ஓரத்தில் தனியாக எழுதி வைக்கலாம். அதை நம்பிச் செங்கல் வாங்கலாகாது.

"எழுதிக் கொடுத்தவர் தராவிட்டால் கோர்ட்டு இல்லையா?" என்று ஓர் அன்பர் கேட்டார். இதுபற்றி வக்கீல் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்ட இரண்டு பழைய வழக்குகள் சுவையானவை. ஹௌராவில் ஒரு டவுன் ஹால் கட்டச் சந்தா சேர்த்தார்கள். அதில் 100 ரூபாய் எழுதிய ஒருவர் கொடுக்க மறுத்தார். சந்தாக்களை நம்பி நிர்வாகிகள் காண்டிராக்டரிடம் ஒப்பந்தம் செய்துவிட்டபடியால், அந்த 100 ரூபாயை அவர் கொடுத்தே தீர வேண்டுமென்று 1886-இல் கல்கத்தா ஹைக்கோர்ட் தீர்ப்பளித்தது. 1914-இல் அலகாபாத் ஹைக்கோர்ட்டுக்கு வந்தது, மசூதி நிதிக்கு 500 ரூபாய் தருவதாக ஒருவர் சொன்ன வழக்கு. அங்கே அந்த வாக்கை நம்பி எந்த வேலையும் தொடங்கப்படவில்லை. ஆகவே பணம் கேட்க வழியில்லை என்று முடிவாயிற்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாம் கடனில் இறங்கிய பிறகுதான் சட்டம் நமக்குத் துணை வரக்கூடும் என்று தெரிகிறது! அப்படியே துணை வந்தாலும், பத்தாயிரம் ரூபாய்க்காகப் பக்கத்து வீட்டுக்காரர்மீது பிராது கொடுக்கும் சங்கத்தில் மறுநாள் யார் இருப்பார்கள்? ஆகவே உறுதிச் சீட்டை நாம் கடன் பத்திரமாகக் கருத இயலாது. ஆனாலும் அந்த ஹௌரா வழக்கில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. முதலில் 26,000 ரூபாயில் முடிக்க எண்ணிய கட்டிடம், சந்தா ஜாபிதா நீள நீளத் திட்டமும் நீண்டு 40,000 ரூபாய்க்குப் போயிற்றாம். நம் கமிட்டியிலும் சென்ற மாதம் மாடியைப் பற்றிய பேச்சு எழுந்தது.

இதுவரை சொன்னது எவ்வளவு வரும் என்பது. எப்போது வரும் என்பது அதனினும் முக்கியம். இன்று நம் கையில் உள்ளது வைப்புத் தொகை 6 லட்சமும் முழுதாகக் கொடுத்தவர்களின் 4 லட்சமும் சேர்ந்து 10 லட்சம். மீதி, இந்த ஜனவரி முதல் எட்டுக் காலாண்டுகளில் வர வேண்டியது. தொடக்கத்தில் ஊக்கம் இருக்கும். போகப் போக மாற்றலும் மறதியும் சேரும். அதனால் முதற் காலாண்டில் 3 லட்சத்து 60 ஆயிரத்தில் ஆரம்பித்து, சிறிது சிறிதாகக் குறைந்து, கடைசியில் காலாண்டுக்கு 2 லட்சத்து 60 ஆயிரமாக வருமென்று போட்டிருக்கிறேன்.

கட்டிடம் கேட்கும் பணம் இப்படி நிதானமாக வராது. என்ஜினீயர் கணக்கில் அஸ்திவாரத்துக்கும் அடித்தளத்துக்கும் 10 லட்சம், தூண்களும் சுவரும் லிண்டல் மட்டமும் 8 லட்சம், மேல்தளம் 10 லட்சம், பூச்சு, தரை, கதவு, மின்சாரம், சமையற்கட்டு ஆகியவற்றுக்கு 12 லட்சம். காலாண்டுக்கு ஒரு கட்டமாக இன்றே தொடங்கினால் என்னாகும்? மார்ச் முடிவில் 10 லட்சம் கொடுப்போம், கையில் வந்தது 13 லட்சத்து 60 ஆயிரம், கவலையில்லை. ஜூன் முடிவில் மொத்தம் 18 லட்சம் கொடுக்க வேண்டும். வந்தது 17 லட்சம். அங்கேயே ஒரு லட்சம் இடிக்கிறது. செப்டம்பரில் மேல்தளத்தோடு 28 லட்சம் கேட்பார்கள்; வந்திருப்பது 20 லட்சத்து 20 ஆயிரம். ஏறத்தாழ 8 லட்சம் குறைவோடு தளம் போட முடியாது. சுவர் நிற்கும், கூரை இராது. கம்பிகள் மழையில் துருப்பிடிக்கும். சாரமும் பலகையும் வாடகை தின்னும். காண்டிராக்டர் ஆட்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது புதிய விலை சொல்வார். இவ்வளவுக்கும் நடுவே, கூரையில்லாத சுவரைத் தினமும் பார்க்கிற உறுப்பினருக்குத் தவணை கட்டும் ஊக்கம் குறையும். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். அரைகுறைக் கட்டிடம் வசூலையும் அரைகுறையாக்கிவிடும்.

ஆகவே கமிட்டி வேறொரு கால அட்டவணையை முன்வைக்கிறது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை வசூல் மட்டும். மழை நின்று அக்டோபரில் அஸ்திவாரம். டிசம்பர் முடிவில் 10 லட்சம் செலவு, வரவு 23 லட்சத்து 40 ஆயிரம். அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரை சுவர். செலவு 18, வரவு 26 லட்சத்து 40 ஆயிரம். ஏப்ரல், மே மாதங்களில், அடுத்த மழைக்கு முன்பே மேல்தளம். ஜூன் முடிவில் அதற்கான பட்டியல் தீரும்போது செலவு 28, வரவு 29 லட்சத்து 20 ஆயிரம். இடைவெளி ஒரு லட்சத்து 20 ஆயிரமே. இதற்கு மேல் முந்தினால் ஆபத்து. அஸ்திவாரத்திலிருந்து தளம் வரை வேலை ஓரிடத்திலும் நில்லாது. அதன்பின் ஆண்டு முடிவதற்குள் மொத்த வரவு 34 லட்சத்து 40 ஆயிரமாகும். அதாவது பூச்சு வேலைக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் கிடைக்கும். அதில் கதவு, மின்சாரம், உட்பூச்சு இவற்றை முடிக்கலாம். சமையற்கட்டும், பளிங்குத் தரையும், வெளி வர்ணமும் காத்திருக்கும். அவற்றின் மதிப்பு 5 லட்சத்து 60 ஆயிரம். நான் குறைவுக்கு ஒதுக்கிய தொகையும் அதுவேதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். குறைவு நேர்ந்தே தீருமானால், அது கூரையில் நேராமல் தரையில் நேரட்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து நாம் பொங்கல் கொண்டாட முடியும். குறைவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தாலோ, வணிகரின் தொகை வந்தாலோ, சமையற்கட்டு முன்னால் வந்துவிடும்.

ஒன்பது மாதம் காத்திருந்தால் கம்பியும் சிமெண்டும் விலை ஏறாதா என்ற ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை. ஏறக்கூடும். ஆனால் ஏறிய விலையில் தொடர்ச்சியாகக் கட்டுவதற்கும், பழைய விலையில் பாதி கட்டி நிறுத்தி மீதியை ஏறிய விலையில் கட்டுவதற்கும் நடுவே, பின்னதுதான் அதிகம் பிடிக்கும்.

போட்ட கணக்கு நடப்போடு ஒத்துப்போகிறதா என்று அறியும் வழியைச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக நோட்டீஸ் போர்டில் "38 லட்சத்தில் இத்தனை வசூல்" என்று எழுதுவார்கள். அதனால் ஒன்றும் தெரியாது. இன்றைய தேதி வரை கட்ட வேண்டிய தவணை எவ்வளவு, அதில் வந்தது எவ்வளவு என்பதே கேள்வி. முழுதாகக் கொடுத்தவர்களைக் கழித்தால் மீதி 30 லட்சம். காலாண்டுக்கு 3 லட்சத்து 75 ஆயிரம் வர வேண்டியது. ஜூன் முடிய ஏழரை லட்சம் வர வேண்டும். நான் எதிர்பார்ப்பது 7 லட்சம். ஆறரை லட்சத்துக்குக் கீழே வந்தால் என் விகிதங்கள் தாராளமானவை என்று பொருள். ஏப்ரலில் பள்ளிக் கட்டணம் கட்டும் வீடுகள் சற்றுத் தாமதிக்கும்; ஆகையால் ஒரு மாதக் குறைவைக் கண்டு மிரள வேண்டாம். காலாண்டை முழுதாகப் பார்க்க வேண்டும். தனி மனிதரைப் பொறுத்தமட்டில் முதல் தவணையே நல்ல அடையாளம். சீட்டு எழுதி அறுபது நாளில் முதல் தவணை வராதவரைக் கையெழுத்திடாதவர் வகைக்கு மாற்றிவிடுவோம். தொடர்ந்து இரண்டு தவணை தவறியவர் வீட்டுக்கு, ரசீதுப் புத்தகம் இல்லாமல், அக்கம்பக்கத்தார் ஒருவர் நலம் விசாரிக்கப் போக வேண்டும். என்ன நேர்ந்தது என்று தெரிந்தால் கணக்கு தானே திருந்தும்.

இனி மகாசபையின் முடிவுக்கு வைக்கப்படும் தீர்மானம் வருமாறு: மேல்தளம் வரையிலான 28 லட்ச ரூபாய் வேலைக்கு மட்டும் காண்டிராக்ட் கொடுப்பது, அதிலும் அஸ்திவாரத்தை அக்டோபருக்கு முன் தொடங்குவதில்லை என்பதும், செப்டம்பர் முடிவில் மொத்த வரவு 19 லட்சத்துக்குக் குறைந்தால் மகாசபையை மீண்டும் கூட்டுவது என்பதும் அடங்கும். பூச்சு வேலைக்குத் தளம் போட்ட பிறகு தனியே டெண்டர் கேட்பது. வணிகர் கேட்ட பெயர் விஷயத்தை இன்றே விவாதித்து அவருக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதிவிடுவது. வகைவாரி ஜாபிதாவில் பெயர்கள் இல்லை, தொகைகள் மட்டுமே உள்ளன. அதன் நகல் நுழைவாயில் மேஜையில் இருக்கிறது. தம் சீட்டில் தவணையையோ விலாசத்தையோ மாற்ற விரும்புகிறவர்கள் இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பொக்கிஷதாரரிடம் சொல்லிவிடலாம்.